விண்ணப்பம் போன பிறகு வந்த சான்றிதழ்

சாத்தம் துறையில் பேம்பூ ஃபிளாட் படகுக்காக நிற்கும்போது, பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். எங்கேயோ ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். போட்ட பிறகு ஒரு பயிற்சி முடிந்திருக்கும், அல்லது ஒரு தேர்வு முடிவு வந்திருக்கும். அதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கலாமா என்று பக்கத்தில் நிற்கும் பெரியவரைக் கேட்பார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "போட்டாச்சுல்ல, இனி சும்மா இரு தம்பி. மேல மேல எழுதினா கெஞ்சுற மாதிரி இருக்கும். வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க. இன்டர்வியூவுல காட்டிக்கலாம்."

இது சாத்தத்தில் மட்டும் கேட்கும் குரல் இல்லை. ஹாடோவிலும் சொல்கிறார்கள், சென்னையிலும் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் புத்திமதியால் வேலை இழந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். தீவுகளுக்கிடையே பயணிகள் படகு ஓட்டும் ஒரு கம்பெனி, படகில் மின்பணிக்கு ஆள் கேட்டிருந்தது. ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டும், அதோடு எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும் என்பது நிபந்தனை. கடலில் வேலை செய்பவர்களின் பயிற்சிக்காக 1978-இல் லண்டனில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின் பெயர்தான் எஸ்.டி.சி.டபிள்யூ. கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பது, முதலுதவி, கப்பலில் தன் பாதுகாப்பும் பொறுப்பும் என்று நான்கு பாடங்கள், அவற்றோடு கப்பல் காவல் பற்றிய ஒரு சிறு பயிற்சி. கப்பல் துறைத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த நிலையத்தில் படித்தால் எல்லாம் சேர்த்து சுமார் இரண்டு வாரம். பையன் விண்ணப்பிக்கும்போதே சென்னையில் இடம் பதிவு செய்திருந்தான். "பயிற்சிக்குச் சேர்ந்துள்ளேன், அடுத்த மாதம் முடியும்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, கப்பல் ஏறிப் போய்ப் படித்து முடித்து, சான்றிதழோடு வந்தான். அன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றவனை அவன் அப்பா தடுத்துவிட்டார். கௌரவமாக இருக்கட்டும் என்றார்.

ஆறு வாரம் ஆகியும் அழைப்பு வராததால் அவனே போன் செய்தான். ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். "உங்க விண்ணப்பத்துல அந்தச் சான்றிதழ் இல்லையே, முடிச்சிருந்தா அனுப்பியிருக்கலாமே" என்று அங்கிருந்த பெண் சாதாரணமாகச் சொன்னாராம். அந்தக் கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த மாதம் படித்து முடிப்பேன் என்று எழுதியவன் முடித்தானா இல்லையா என்று தேடிப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. என் கோபம் அந்தப் புத்திமதியின் மேல்.

"இன்டர்வியூவில் காட்டிக்கலாம்" என்பவர்கள், விண்ணப்பத்தை முதலில் படிப்பவரும் நேர்முகத்தில் உட்காருபவரும் ஒருவரே என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அரிது. முதலில் படிப்பவர் அலுவலகத்தில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அறிவிப்பில் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அவர் பட்டியலில் ஒரு கட்டம் இருக்கும். காகிதத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நூறு விண்ணப்பங்களை இருபதாகக் குறைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஒரு கட்டத்தில் 'இல்லை' விழுந்தவனின் பெயர் நேர்முகப் பட்டியலுக்கே போகாது. காட்டுவதற்கு அவன் எந்த அறைக்குள்ளும் நுழையப் போவதில்லை. எந்தச் சான்றிதழ் அந்த 'இல்லை'யை 'உண்டு' ஆக்குமோ, அது கட்டம் நிரப்பப்படும் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு சேர்ந்தால் வெறும் காகிதம்.

கெஞ்சல் என்பதையும் ஏற்க மாட்டேன். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்று எத்தனை பத்தாண்டுகளாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் பதிவு செய்தவன் பன்னிரண்டு முடித்ததும் போய்ச் சேர்ப்பான், தட்டச்சு உயர்நிலை முடித்ததும் போய்ச் சேர்ப்பான். கூடுதல் தகுதிப் பதிவு என்று அதற்குப் பெயர். நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் வரிசையில் நின்று அதைச் செய்தார்கள். அரசாங்கமே அதற்கு ஒரு சன்னல் திறந்து வைத்திருந்தது. அங்கே நின்றவர்களை யாரும் கெஞ்சுகிறார்கள் என்று சொல்லவில்லை. அதே செயலை ஒரு மின்னஞ்சலில் செய்தால் மட்டும் எப்படி மானம் போகும்?

இனி அரசு வேலைக்கு வருகிறேன். பெரியவர்களின் பேச்சில் பாதி உண்மை இருக்கும் இடம் இதுதான். அரசு அறிவிப்புகளின் கடைசியில், எந்த வகையிலும் சிபாரிசு தேடினால் தகுதி இழப்பு என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். அந்த வரி, ஆள் வைத்துப் பேசுவதையும் அழுத்தம் கொடுப்பதையும் தடுக்கிறது. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, அறிவிப்பில் உள்ள முகவரிக்கே ஒரு சான்றிதழின் நகலை அனுப்புவது சிபாரிசு ஆகாது. ஆனால் அரசு வேலையில் வேறொரு மதில் இருக்கிறது. அதைப் பற்றிப் படகுத் துறையில் யாரும் பேசுவதில்லை. அது தேதி.

1982-இல் ஜம்மு காஷ்மீரில் இளநிலைப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். கடைசி நாள் ஜூலை 15. பி.இ. இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த 33 பேரும் விண்ணப்பித்தார்கள். முடிவு ஆகஸ்ட் 21 அன்று வந்தது, நேர்முகம் ஆகஸ்ட் 24 அன்று தொடங்கியது. நேர்முகத்துக்கு வந்தபோது அவர்கள் கையில் பட்டம் இருந்தது, தேர்வும் ஆனார்கள். மற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் முதலில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த 33 பேரின் பக்கம் நின்றது. பிறகு 1997-இல் மூன்று நீதிபதிகள் மறு ஆய்வு செய்து, அது தவறு என்றார்கள். அசோக் குமார் சர்மா வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். தகுதியைக் கடைசி நாளில் இருந்ததை வைத்தே பார்க்க வேண்டும், நேர்முக நாளில் இருப்பதை வைத்துப் பார்க்கக் கூடாது என்பது தீர்ப்பு. அந்த 33 பேரின் வேலை பறிபோகவில்லை, ஆனால் பணி மூப்பில் மற்றவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டார்கள்.

இந்தத் தீர்ப்புக்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதே தேர்வை எழுதிவிட்டு அதே முடிவுக்காகக் காத்திருந்த இன்னும் பலர், அறிவிப்பைப் படித்து 'நமக்குத் தகுதி இன்னும் வரவில்லை' என்று நேர்மையாக வீட்டில் இருந்திருப்பார்கள். விதியை மதிக்காமல் விண்ணப்பித்தவனுக்குப் பின்னால் வந்த பட்டத்தைக் கணக்கில் எடுத்தால், விதியை மதித்தவளுக்கு அநியாயம். வழக்கில் பெயரே இல்லாத, விண்ணப்பிக்காமல் இருந்துவிட்ட அந்தப் பெண்ணை நீதிமன்றம் நினைத்துப் பார்த்தது. ஆகவே, அரசுப் பணியில் கடைசி நாளுக்குப் பிறகு பெற்ற தகுதியை அனுப்பினால் அது உங்களைத் தகுதியானவர் ஆக்காது. அதைச் சொல்லி ஆசை காட்டுபவர்களையும் நம்ப வேண்டாம்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். "பார்த்தாயா, அனுப்பிப் பயனில்லை" என்கிறார்கள். அவர்கள் ஒரு வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். தகுதி பின்னால் வருவது வேறு. தகுதி முன்பே வந்து, அதன் காகிதம் பின்னால் வருவது வேறு.

கேரளத்தில் மருத்துவ முதுநிலைச் சேர்க்கையில், டிப்ளமோ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். விண்ணப்பத்தோடு சான்றிதழ் இருக்க வேண்டும் என்று விதி. சிலர் கடைசி நாளுக்கு முன்பே டிப்ளமோ தேறியிருந்தார்கள், ஆனால் சான்றிதழ் கையில் இல்லை. தேர்வுப் பட்டியல் தயாராவதற்கு முன் ஆதாரம் வந்து சேர்ந்தது. சார்லஸ் ஸ்கறியா வழக்கில் 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தகுதி உரிய நாளில் இருந்ததா என்பதே சாரம், அதற்கான காகிதம் எப்போது வந்தது என்பது நடைமுறை மட்டுமே என்றார். டிப்ளமோ தேறியவர்கள் பக்கமே தீர்ப்பு போனது. தகுதி வராததால் வீட்டில் இருந்துவிட்ட எந்தப் பெண்ணுக்கும் இதனால் அநியாயம் நடக்கவில்லை. இரண்டு தீர்ப்பும் முரண்படுவதுபோல் தோன்றும், ஆனால் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

சாத்தத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். அறிவிப்பு வருகிறது, ஒரு மாதம் அவகாசம். அவள் சுறுசுறுப்பானவள், மூன்றாம் நாளே விண்ணப்பிக்கிறாள். இருபதாம் நாள் அவளுடைய கணினிப் படிப்பின் முடிவு வருகிறது. கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. 'போட்டாச்சு, பேசாமல் இரு' என்ற புத்திமதி அதிகம் கெடுப்பது இவளைத்தான். தகுதி உரிய காலத்தில் வந்துவிட்டது, சொல்லாததால் மட்டும் இல்லாததாகிறது. சோம்பேறியாகக் கடைசி நாளில் விண்ணப்பித்திருந்தால் அது விண்ணப்பத்திலேயே இருந்திருக்கும்.

இவள் செய்ய வேண்டியது, அறிவிப்பை மறுபடி எடுத்து, திருத்துவதற்கு என்ன வழி சொல்லியிருக்கிறது என்று பார்ப்பது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யில், விண்ணப்பக் காலம் முடிந்தபின் திருத்துவதற்கென்றே சில நாள் சன்னல் திறக்கிறார்கள். முதல் திருத்தத்துக்கு 200 ரூபாயும் இரண்டாவதற்கு 500 ரூபாயும் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். திருத்தச் சன்னல் திறந்திருக்கிறது என்பதற்காகத் தகுதித் தேதி நீளாது, அதையும் மறக்கக் கூடாது. சில அறிவிப்புகள் இரண்டு முறை விண்ணப்பித்தால் கடைசியாகப் போட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும், சில இரண்டையுமே தள்ளிவிடும். இதைப் படிக்காமல் மறுபடி விண்ணப்பிப்பது ஆபத்து. தாளில் விண்ணப்பம் வாங்கும் உள்ளூர் அலுவலகம் என்றால், நேரில் போய்க் கடிதத்தோடு நகலைக் கொடுத்து, கையில் இருக்கும் இன்னொரு நகலில் முத்திரையும் டைரி நம்பரும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் பேசும்.

தகுதி வந்த தேதி எது என்பதிலும் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பட்டமளிப்பு விழாத் தேதி கணக்கில்லை. தேர்வு எழுதிய தேதியும் இல்லை. முடிவு அறிவிக்கப்பட்ட தேதிதான். பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்தி முடிந்து முடிவு தயாராகிக்கொண்டிருந்தது என்பது போதாது, அறிவித்திருக்க வேண்டும் என்று எஸ்.எஸ்.சி. தன் அறிவிப்புகளிலேயே எழுதுகிறது. ஆகவே கடிதத்தில் முதலில் வர வேண்டியது அந்தத் தேதி. மதிப்பெண் பட்டியல் அச்சாகாவிட்டால், முடிவு தேதியைக் குறிப்பிட்டு நிறுவனம் தரும் தற்காலிகச் சான்றை வைக்கலாம்.

தனியார் வேலையில் இந்தத் தேதி மதில் இல்லை. ஒரு கம்பெனி தன் பட்டியலை எந்த நாளிலும் திறக்கலாம், எந்த நாளிலும் மூடலாம். அதனாலேயே தாமதம் அங்கே இன்னும் கெடுதல். மூடப் போகிற நாளை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

எதிர்த் தரப்பில் எனக்கு உடன்பாடான ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அனுப்பக் கூடாது. இரண்டு மணி நேர இணைய வகுப்பில் கலந்துகொண்டதற்கான வண்ணக் காகிதம், வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சுப் பயிற்சி, வாரம் ஒரு மின்னஞ்சல் என்று போனால், படிப்பவர் மூன்றாவது மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டார். கடைசியில் வரும் உண்மையான சான்றிதழும் அதோடு புதைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சோதனை போதும்: அறிவிப்பை எடுத்து, இந்தச் சான்றிதழ் எந்த வரியை நிரப்புகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடிந்தால் அனுப்பலாம். முடியாவிட்டால் அடுத்த விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதே போல, படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் தனியாக எழுத வேண்டாம். சான்றிதழ் கையில் வந்த பிறகு ஒரே ஒரு முறை. வராததை வந்ததாக எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடல் வேலையில் சான்றிதழ் எண்ணையும், மாலுமிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் தரும் இண்டோஸ் எண்ணையும் வைத்து இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார்கள்.

அந்தப் பையன் இரண்டாவதாக வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பித்த பிறகு, அடிப்படைப் பாதுகாப்புக்குப் பிறகு அவன் சேர்ந்திருந்த இன்னொரு சிறு பயிற்சியின் சான்றிதழ் வந்தது. அவசர நேரத்தில் பயணிகள் கூட்டத்தை வழிநடத்துவது பற்றியது, அறிவிப்பில் 'இருந்தால் நல்லது' என்று இருந்த வரி. இந்த முறை அவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில்தான் போனது. அதன் சாரம் இவ்வளவுதான்:

"ஐயா, படகு மின்பணியாளர் பணிக்கு இம்மாதம் 4-ஆம் தேதி விண்ணப்பித்துள்ளேன், விண்ணப்ப எண் கீழே உள்ளது. அதன் பிறகு 19-ஆம் தேதி பயணிகள் கூட்ட மேலாண்மைப் பயிற்சியை முடித்தேன். சான்றிதழ் எண், வழங்கிய நிலையம், என் இண்டோஸ் எண் ஆகியவையும் கீழே உள்ளன. உங்கள் அறிவிப்பின் தகுதிப் பகுதியில் கடைசி வரிக்கு இது பொருந்தும். சான்றிதழை இணைத்துள்ளேன், என் விண்ணப்பத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்."

முதலில் அவன் எழுதிக் காட்டியது இதைவிட நான்கு மடங்கு நீளம். தன் ஆர்வம், குடும்ப நிலைமை, கம்பெனியின் பெருமை எல்லாம் இருந்தது. அவற்றை எடுத்துவிடச் சொன்னேன். பெரியவர்கள் பயப்படும் கெஞ்சல் அந்த வரிகளில்தான் இருந்தது, சான்றிதழில் இல்லை. புதிய மின்னஞ்சலாக அனுப்பாமல், விண்ணப்பம் கிடைத்தது என்று அவர்கள் அனுப்பியிருந்த பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினான். அப்போதுதான் அது அவன் கோப்போடு போய் ஒட்டும். புது மின்னஞ்சல் என்றால், யாருடைய சான்றிதழ், எந்தப் பணிக்கு என்று அந்த அலுவலகப் பெண் தேட வேண்டியிருக்கும், தேட நேரம் இருக்காது. இணைப்பின் பெயரை அவன் 'scan001' என்றே விட்டிருந்தான். அதை மாற்றி, அவன் பெயரும் பயிற்சியின் பெயரும் விண்ணப்ப எண்ணும் வரும்படி வைத்தோம். பயோடேட்டாவை மறுபடி இணைக்கவில்லை. இரண்டு பயோடேட்டா இருந்தால் எதைப் படிப்பது என்ற குழப்பம் வரும்.

நான்கு நாள் பதில் இல்லை. அப்பா மறுபடி தொடங்கினார், "பாத்தியா, அவங்களுக்குப் பிடிக்கல." ஐந்தாம் நாள் பையன் போன் செய்தான். வேலை என்னாச்சு என்று கேட்காதே, ஒரே ஒரு கேள்வி கேள் என்று சொல்லியிருந்தேன்: "19-ஆம் தேதி முடிச்ச சான்றிதழ் அனுப்பினேன் மேடம், என் விண்ணப்பத்துல சேர்ந்துடுச்சா?" கிடைத்தது என்பது வேறு, சேர்ந்தது என்பது வேறு. மின்னஞ்சல் கிடைத்து, யாரும் திறக்காமல் கிடக்கலாம். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இல்லை, இப்போது சேர்க்கிறேன் என்றார். போனைப் பிடித்துக்கொண்டே அவன் காத்திருந்தான். சேர்த்தாச்சு என்று அவர் சொன்ன பிறகுதான் வைத்தான்.